போர்வையின் மென்மை புட்டியில் இல்லை

ஃப்ளீஸ், மிங்க், அக்ரிலிக் என்று மூன்று பெயர்களால் கடைகளில் விற்கப்படும் செயற்கை இழைப் போர்வைகளைத் துவைப்பது பற்றி நம் வீடுகளில் ஓர் அபிப்பிராயம் வேரூன்றிவிட்டது. கம்பளி என்றால் வெந்நீர் வேண்டும். அழுக்கு ஆழமாக இருக்கும், ஆகையால் சலவைத் தூள் தாராளமாக வேண்டும். அலசியபின் முரடாகாமல் இருக்கக் கண்டிஷனர் என்னும் வாசனைத் திரவத்தை இரண்டு மூடி ஊற்றவேண்டும். இவ்வளவு செய்தும் போர்வை சடை பிடித்துவிட்டால், அது மலிவுச் சரக்கு என்று கடைக்காரனைக் குறை சொல்லவேண்டும். இந்த அபிப்பிராயத்தைத் தாய் மகளுக்குச் சொல்கிறாள்; அண்டை வீட்டார் அண்டை வீட்டாருக்குச் சொல்கிறார்கள்; புட்டியின் மேல் ஒட்டிய படமும் அதையே சொல்கிறது. இதை அடியோடு மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். போர்வையைக் கெடுப்பவை வெந்நீரும், மிகுதியான தூளும், கண்டிஷனரும், தேய்ப்புமே என்பதும், மென்மைக்காகச் செய்வதாக நாம் நம்பும் காரியங்களே மென்மையைக் கொல்லும் காரியங்கள் என்பதும் என் கட்சி.

முதலில், அந்த மென்மை எங்கிருந்து வந்தது என்று கேட்போம். நம் ஊர்களில் கிடைக்கும் மிங்க் போர்வைகளில் பெரும்பகுதி ஹரியானா மாநிலத்துப் பானிப்பட்டிலிருந்து வருபவை. மிங்க் என்ற பிராணிக்கும் அவற்றுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவை பாலியெஸ்டராலோ அக்ரிலிக்காலோ பின்னப்பட்டவை. ராஷல் என்னும் பின்னல் இயந்திரத்தில் இரண்டு துணிகள் எதிரெதிராகப் பின்னப்படும்போதே, நடுவில் ஓர் இழை இரண்டையும் மாறிமாறிக் கோத்துச் செல்கிறது. பிறகு ஒரு கத்தி அந்த நடு இழையை நெடுக அறுத்துக்கொண்டே போக, ஒன்றாயிருந்தது இரண்டு துணிகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றின் முகத்திலும் அறுபட்ட இழைகள் மயிர்போல் நிற்கின்றன. அவ்வாறு நிற்கும் மயிர் அப்போது மென்மையாக இராது; கலைந்து, சுருண்டு, ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். அதைக் கம்பிப் பற்கள் கொண்ட உருளைகளால் வாரி எடுத்து, உயரம் மிகுந்ததைக் கத்தரித்து, இறுதியில், சுருள் பள்ளங்கள் வெட்டப்பட்டு நூறு பாகைக்கு வெகுவாக மேலே சூடேற்றப்பட்ட ஓர் உருளையின் மேல் வேகமாக ஓடவிடுகிறார்கள். அந்தச் சூட்டில் இழை இளகுகிறது. இளகிய கணத்திலேயே பள்ளத்தின் விளிம்பு அதைச் சீப்புப்போல் நிமிர்த்துகிறது. நிமிர்ந்த நிலையிலேயே அது ஆறி உறைகிறது. நாம் கன்னத்தில் வைத்துப் பார்த்து வியக்கும் வழவழப்பு இவ்வளவுதான். இலட்சக்கணக்கான மெல்லிய இழைகள் ஒன்றையொன்று தொடாமல், ஒரே திக்கில் சாய்ந்து, தனித்தனியே நிற்கும் நிலை அது. அந்த நிலை ஆலையில் ஒருமுறை உண்டாக்கப்படுகிறது. துவைப்பவரால் அதைக் காக்கலாம், அல்லது அழிக்கலாம். ஊற்றி உண்டாக்க முடியாது.

இப்போது வெந்நீரின் கதைக்கு வருவோம். சூடு இழையை இளக்குகிறது, இளகிய இழை எந்த வடிவத்தில் ஆறுகிறதோ அந்த வடிவத்திலேயே நிலைத்துவிடுகிறது என்ற ஒரே உண்மைதான் ஆலையில் மென்மையை உண்டாக்கியது. அதே உண்மைதான் நம் வீட்டு அண்டாவில் அதை அழிக்கிறது. ஆலையில் இளகிய இழையைச் சீப்பு நிமிர்த்தியது. அண்டாவிலோ ஈரக் கனமும் கையும் காலும் அதை மடக்கி நசுக்குகின்றன. டெரிலின் கால்சட்டைகள் நம் நாட்டுக்கு வந்த புதிதில், ஒருமுறை சூடாக இஸ்திரி போட்ட மடிப்பு எத்தனை துவைப்புக்கும் அழியாமல் நின்றதைக் கண்டு பெரியவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். டெரிலினும் இந்தப் பாலியெஸ்டரும் ஒரே பொருள். கால்சட்டையில் நாம் விரும்பிப் பெற்ற அந்த நிலைத்த மடிப்பையே போர்வையின் ஒவ்வொரு மயிரிலும் விரும்பாமல் பெற்றுக்கொள்கிறோம். அதற்குத்தான் சடை என்று பெயர்.

எவ்வளவு சூட்டில் இது நிகழ்கிறது என்பதும் தெரிந்த விஷயமே. அக்ரிலிக் இழை உலர்ந்திருக்கையில் தொண்ணூறு பாகையை ஒட்டித்தான் இளகும். ஆனால் நனைந்துவிட்டால் நீரே அதன் உள்ளே இளக்கியாக வேலை செய்து, அந்த எல்லையைச் சுமார் 60 பாகைக்கு இறக்கிவிடுகிறது. பாலியெஸ்டரின் எல்லை சற்று மேலே, 70 பாகையை ஒட்டி இருக்கிறது. நம் வீட்டு வழக்கமோ, கொதிக்கும் நீர் ஒரு குடம், குழாய் நீர் ஒரு குடம் என்று கலப்பது. நூறு பாகையும் இருபத்தைந்து பாகையும் சரிபாதி கலந்தால் அறுபத்திரண்டு பாகைக்கு மேல் வருகிறது. அதாவது, அக்ரிலிக் போர்வையை அதன் எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் நிறுத்தி, அங்கே அதை மிதித்துத் துவைத்து, பிழிந்து, பிழிந்த முறுக்கிலேயே ஆறவிடுகிறோம். அக்ரிலிக் போர்வை ஒரே துவைப்பில் ஓரம் நீண்டு, நடு தொய்ந்து, கோணலாகிப் போவதும் இதனால்தான். துணி மட்டம் என்று சொல்வதற்கு இதில் நியாயம் இல்லை.

ஆட்டுரோமக் கம்பளியும் வெந்நீரில் துவைத்தால் திரண்டுபோகிறதே, அந்தக் காரணம்தானே இதற்கும் என்று சிலர் கேட்பார்கள். அல்ல. ரோமத்தின் மேல் மீன் செதில்போன்ற அடுக்குகள் உண்டு. அவை ஒன்றில் ஒன்று மாட்டிக்கொண்டு, பின்வாங்க முடியாமல் இறுகித் திரள்கின்றன. செயற்கை இழை வழவழப்பானது. அதில் செதில் கிடையாது. ஆகையால் ரோமக் கம்பளி திரண்டால் அதற்கு மீட்சி இல்லை. செயற்கைப் போர்வை சடைபிடித்தால், காரணத்தைப் பொறுத்து, பலசமயம் மீட்சி உண்டு. இந்த வித்தியாசத்தை அறியாமல்தான், நன்றாக மீட்கக்கூடிய போர்வைகளை நாயின் படுக்கைக்குக் கொடுத்துவிடுகிறோம்.

அடுத்தது கண்டிஷனர். இங்கே எதிர்க்கட்சியின் வாதம் வலுவானது. அதை மழுப்பாமல் எடுத்துக்கொள்ளவேண்டும். ஊற்றிய அன்று போர்வை வழவழப்பாக இருப்பது உண்மை. குளிர்காலத்தில் பாலியெஸ்டரில் பொறிபறக்கும் நிலைமின்சாரம் அடங்குவதும் உண்மை. ஆலைக்காரனே கடைசிப் பதனீட்டில் சிலிக்கோன் கலந்த மென்மைப் பூச்சு ஒன்றைக் கொடுக்கிறான் என்பதும் உண்மை. ஆலை செய்வதை வீட்டில் செய்தால் என்ன குற்றம் என்று கேட்டால், பதில் இது. ஆலை பூசுவது சுத்தமான இழையின் மேல், அளந்த அளவில், ஒரே முறை, சூட்டால் இறுகப் பதியவைத்து. நாம் ஊற்றுவதோ சோப்பு முற்றும் போகாத இழையின் மேல், மூடிக் கணக்கில், துவைக்கும்தோறும்.

சோப்பு போகாத இழை என்று சொன்னேன். அதுதான் விஷயத்தின் மர்மஸ்தானம். சலவைத் தூளில் உள்ள நுரைக்கும் பொருளின் மூலக்கூறு எதிர்மின்னூட்டம் கொண்டது. கண்டிஷனரில் உள்ள கொழுப்பு மூலக்கூறு நேர்மின்னூட்டம் கொண்டது. இரண்டும் ஒரே நீரில் சந்தித்தால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, நீரில் கரையாத மெழுகுபோன்ற ஒரு படிவாக இறங்குகின்றன. மெல்லிய வேட்டியிலோ சட்டையிலோ சோப்பு இரண்டு அலசலில் போய்விடுகிறது. ஆகையால் அங்கே பெரிய கெடுதி தெரியாது. நாலு கிலோ எடையுள்ள இரட்டைப் போர்வையின் அடர்ந்த மயிருக்குள் மாட்டிய சோப்பு இரண்டு அலசலில் போவதே இல்லை. அதன்மேல் கண்டிஷனரை ஊற்றும்போது, அந்தப் படிவு மயிரின் அடிவாரத்திலேயே உண்டாகி, அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. பாலியெஸ்டர் இயல்பிலேயே எண்ணெயை விரும்பும் இழை. வந்த மெழுகை விடாது. இரண்டு மயிர்கள் ஒட்டுகின்றன; பிறகு பத்து; அதில் தூசியும் உடம்பின் எண்ணெயும் சேர்கின்றன. அடுத்த துவைப்பில் போர்வை சற்றே முரடாகத் தெரிகிறது. முரடைப் போக்க இன்னும் ஒரு மூடி ஊற்றுகிறோம்.

நம் ஊர்த் தண்ணீரும் இதற்குத் துணைசெய்கிறது. ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீரில் கால்சியம் மிகுதி. கட்டிச் சோப்பைப் போட்டால் அது கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளைத் திரிதிரியாக மிதந்து மயிரில் ஏறுகிறது. மலிவுத் தூள்களில் தாராளமாகச் சேர்க்கப்படும் சோடா உப்பைப் போட்டாலோ, அது கால்சியத்தைச் சுண்ணாம்பாக மாற்றி இழையின் மேல் பொருக்காகப் படிய வைக்கிறது. வெந்நீர் போடும் அண்டாவின் அடியில் வெள்ளைப் பொருக்கு படிகிறதல்லவா, அதே பொருள் போர்வையிலும் படிகிறது. தூளை அதிகமாகப் போடுவதால் அழுக்கு அதிகமாகப் போகிறது என்று நம்புகிறவர்கள், அழுக்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சுண்ணாம்பை வைக்கிறார்கள்.

கண்டிஷனரைப் பற்றி இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது தர்மமாகாது. மயிர் எழுப்பிய துணிகளில் அதன் கொழுப்புப் படிவு, துணி தீப்பற்றும் வேகத்தை அதிகப்படுத்தும். அதனால்தான் அந்நிய நாடுகள் சிலவற்றில் விற்கும் புட்டிகளிலேயே, ஃப்ளீஸ் போன்ற துணிகளில் இதை உபயோகிக்காதீர்கள் என்று அச்சடித்திருக்கிறார்கள். குழந்தையைப் போர்த்தும் துணிக்கு, விளக்கும் ஊதுவத்தியும் எரியும் வீட்டில், இதை ஊற்றவேண்டிய அவசியம் என்ன?

என் தமக்கையின் வீடு கொங்கு நாட்டில், ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பிய ஊரில் இருக்கிறது. மார்கழியில் வடநாட்டு வியாபாரிகள் சாலையோரம் கயிறு கட்டித் தொங்கவிட்டு விற்கும் போர்வைகளில் ஒன்றை, செம்பழுப்பு நிறத்தில் பெரிய ரோஜாப் பூக்கள் போட்டதை, அவள் ஆசையோடு வாங்கியிருந்தாள். சில துவைப்புகளுக்குப் பிறகு அது கையில் எடுத்தால் கோணிபோலத் தெரிந்தது. "ஏன் தம்பி, கம்பளின்னா சுடுதண்ணியிலதான அலசோணும்? நானும் வாசனை மருந்தெல்லாம் ஊத்தித்தான் தொவச்சேன். ஏமாத்திப்போட்டான் பாரு" என்றாள். வியாபாரி ஏமாற்றவில்லை என்று நான் சொன்னால் அவள் ஒப்புக்கொள்ளமாட்டாள். ஆகவே போர்வையையே சாட்சி சொல்ல வைத்தேன்.

விரித்துப் பார்த்ததும் முதலில் தெரிந்தது, கெடுதல் எங்கும் ஒரே மாதிரியாக இல்லை என்பது. நடுப்பகுதியிலும் கால்மாட்டிலும் மயிர் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கிடந்தது. ஒரு கொத்தை விரல்களுக்கிடையே உருட்டினால் மெழுகுபோல் வழுக்கியது. தலைமாட்டு ஓரத்தில் கயிற்றின் மேல் போட்டு உலர்த்திய இடத்தில், நேர்கோடாக ஒரு தடம். அங்கே மயிர் ஒட்டவில்லை, ஆனால் படிந்து படுத்துவிட்டது. ஒரு மூலையில் மட்டும் உள்ளங்கையளவு இடம் மினுமினுப்பாகவும், தொட்டால் தேங்காய்நார்ப் பிரஷ்போல் குத்துவதாகவும் இருந்தது. மூன்று இடங்களிலும் மூன்று வெவ்வேறு நோய்கள். கண்ணுக்கு எல்லாம் சடையாகத்தான் தெரியும்.

ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் வெதுவெதுப்பான வெறும் நீரை எடுத்து, ஒட்டிய பகுதியை அதில் அமிழ்த்தி நாலுமுறை அழுத்திவிட்டேன். சோப்புப் போடாத அந்த நீரில் நுரை எழுந்தது. நீர் வெள்ளையாகக் கலங்கியது. பீரோவில் மடித்து வைத்திருந்த, துவைத்துக் காய்ந்த போர்வையிலிருந்து இவ்வளவு சோப்பு வருகிறதென்றால் அது எத்தனை நாளாக அங்கே உறங்கியிருக்கும் என்று அக்காளே கேட்டாள். இந்தச் சோதனையை எவரும் தம் வீட்டில் செய்து பார்க்கலாம். நுரை வந்தால் நோய் படிவுதான், அதற்கு மருந்து உண்டு. நுரையே இல்லாமல் மயிர் மட்டும் படுத்திருந்தால் அது சூட்டாலும் கனத்தாலும் வந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்து இழைநுனிகள் சின்னச்சின்ன மணிகளாக உருகி மினுங்கினால், அது தீய்ந்தது. அதற்கு மருந்து இல்லை. மூலையில் நான் கண்டது அந்த மணிகளைத்தான். யாரோ ஈரம் காயவில்லை என்று அந்த மூலையில் இஸ்திரிப் பெட்டியை வைத்திருக்கிறார்கள். பருத்திக்கு வைக்கும் சூட்டில் பாலியெஸ்டர் மயிரின் நுனி தாங்காது.

படிவை நீக்கச் செய்த முறை இது. வீட்டில் இருந்த பெரிய பிளாஸ்டிக் தொட்டியில், போர்வை தாராளமாக மிதக்கும்படி நாற்பது லிட்டர் அளவு தண்ணீர் நிரப்பினோம். கிணற்று நீரை விட்டுவிட்டு, குடிப்பதற்குப் பிடிக்கும் ஆற்று நீரையே எடுத்தோம். மழைநீர் சேமித்த வீட்டில் அது இன்னும் உத்தமம். கை வைத்தால் சூடு என்று தோன்றாத வெதுவெதுப்பு, அதாவது முப்பது பாகை, போதும். சோடா இல்லாத திரவச் சோப்பு இரண்டு மேசைக்கரண்டி. அதை முதலில் நீரில் நன்றாகக் கரைத்துவிட்டுத்தான் போர்வையை உள்ளே விட்டோம், ஏனென்றால் மயிரின் மேல் நேராக ஊற்றிய சோப்பு அந்த இடத்திலேயே தங்கிவிடும். இருபது நிமிஷம் ஊறியபின், உள்ளங்கைகளால் அமுக்கி விடுவதும், நீர் மறுபடி உள்ளே ஏறக் காத்திருப்பதுமாக வேலை நடந்தது. தேய்க்கவில்லை, கல்லில் அடிக்கவில்லை, பிரஷ் போடவில்லை. செயற்கை இழை தன் எடையில் நூற்றுக்கு அரைப் பங்கோ, அக்ரிலிக்கானால் இரண்டு பங்கோ அளவுக்குத்தான் ஈரத்தை உள்ளே வாங்கும். அழுக்கு அதன் உள்ளே போவதே இல்லை, மேலேதான் உட்கார்ந்திருக்கிறது. பருத்திக்கு வேண்டிய தேய்ப்பு இதற்கு வேண்டாததன் காரணம் அதுவே.

பிறகு அலசல். இங்கேதான் பொறுமை வேண்டும், நம்மவர்கள் பொறுமை இழப்பதும் இங்கேதான். வெறும் நீரில் மூன்று அலசலுக்குப் பிறகும் நுரை வந்தது, நான்காவதில் குறைந்தது, நீர் தெளிந்து, அமுக்கினால் குமிழி எழாத மட்டும் நிறுத்தவில்லை. சுண்ணாம்புப் பொருக்குக்காக, கடைசிக்கு முந்திய அலசலில் இருபது லிட்டர் நீருக்கு ஒரு டம்ளர் வெள்ளை வினிகர் சேர்த்துப் பத்து நிமிஷம் வைத்தோம். வினிகர் கிடைக்காதவர்கள் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பைக் கரைத்துக்கொள்ளலாம். வெளுக்கும் குளோரின் திரவம் புழங்கும் தொட்டியில் இதைச் செய்யவே கூடாது. அமிலமும் குளோரினும் கலந்தால் எழும் வாயு விஷம். அதன்பின் ஒரு வெறும் நீர் அலசல். கண்டிஷனர் ஒரு சொட்டும் இல்லை.

தொட்டியிலிருந்து தூக்குவதிலும் ஒரு முறை உண்டு. ஒரு முனையைப் பிடித்து இழுத்தால், உலர்ந்த எடையின் இரண்டு மடங்கு நீரைச் சுமந்த போர்வை தன் கனத்தாலேயே பின்னல் நீண்டு உருவம் கெடும். இரண்டு பேராக அடியில் கைகொடுத்து அள்ளி, கைப்பிடிச் சுவரின் மேல் ஒரு மணிநேரம் கிடத்தி, நீர் தானாக வடியவிட்டோம். முறுக்கிப் பிழியவில்லை. பிறகு ஒரே கொடியில் போடாமல், அடி இடைவெளி விட்ட இரண்டு கொடிகளின் மேல் தொய்வாகப் போட்டோம். கனம் இரண்டாகப் பிரிந்தால் தடம் விழாது. பாதி உலர்ந்ததும் நாலு பேர் நாலு மூலையைப் பிடித்து உதறினோம். குழந்தைக்குத் தலைவாரும் மெல்லிய பிரஷால் மயிர் சாயும் திக்கிலேயே வாரிவிட்டோம். கயிற்றின் தடம் விழுந்திருந்த கோட்டில் மட்டும், இஸ்திரிப் பெட்டியின் ஆவியைத் துணியைத் தொடாமல் இரண்டங்குல உயரத்தில் பிடித்து, ஆவி பட்ட உடனே வாரிக்கொண்டே வந்தேன். ஆலையின் சூடான உருளை செய்த வேலையைச் சிறிய அளவில் அங்கே செய்தோம். சூடும் சீப்பும் ஒரே கணத்தில் சேர்ந்தால் மயிர் எழும், சூடும் அழுத்தமும் சேர்ந்தால் படுக்கும்.

மாலைக்குள் ரோஜாப் பூக்கள் இருந்த நடுப்பகுதி முழுவதும் பிரிந்து எழுந்தது. கயிற்றுத் தடம் முக்கால் பங்கு மறைந்தது. தீய்ந்த மூலை தீய்ந்தபடியே இருக்கிறது. அதைக் கால்மாட்டுப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்ளும்படி சொன்னேன். முதல் நாள் கடையில் கண்ட பட்டுவழுக்கல் திரும்பிவந்தது என்று சொல்லமாட்டேன். ஆலையின் பூச்சில் ஒரு பகுதி துவைப்பில் போவது இயற்கை, அது போனது போனதுதான். ஆனால் கோணிக்கும் இதற்கும் இருந்த தூரம் அக்காளுக்கே தெரிந்தது.

இயந்திரத்தில் போடலாகாதா என்றால், போடலாம், அளவு முக்கியம். ஏழு கிலோ இயந்திரம் என்றால் நாலு கிலோப் போர்வை தாராளமாகப் போகும் என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கிலோக் கணக்கு பருத்தித் துணிக்கு உரியது. போர்வை எடையைவிடப் பருமனில் பெரியது. உலர்ந்த நிலையில் உள்ளே வைத்துத் தொட்டியின் மூன்றில் ஒரு பங்கு காலியாகத் தெரியவில்லை என்றால் அது சுழலாது, கிடந்த இடத்திலேயே கிடந்து கசங்கும், உள்ளிருக்கும் சோப்பு வெளியே வரவே வராது. முன்பக்கம் திறக்கும் இயந்திரமானால், மென்துணிச் சுற்று, 30 பாகை, கூடுதலாக ஓர் அலசல், குறைந்த வேகப் பிழிதல் என்று வைத்துக்கொள்ளலாம். மேலே திறந்து அடியில் தட்டு சுழலும் இயந்திரம் துணியை முறுக்கித் தேய்ப்பது. மெல்லிய ஃப்ளீஸுக்கு அது பெரிய சத்துரு. ஃப்ளீஸின் மயிர் குட்டையானது. தேய்ப்பில் நுனிகள் வெளியே இழுக்கப்பட்டு ஒன்றையொன்று சுற்றி, கடுகளவு உருண்டைகளாகக் கட்டும். இன்னொரு விதி, ஃப்ளீஸைப் பருத்தித் துண்டுகளோடு சேர்த்துப் போடாமலிருப்பது. துண்டு உதிர்க்கும் பஞ்சுதான் அந்த உருண்டைகளுக்குக் கரு. டிரையர் உள்ளவர்கள் சூடில்லாத காற்றை மட்டும் ஓட்டலாம். சூட்டுச் சுற்று இந்த மூன்று வகைக்கும் ஆகாது.

வெயிலைப் பற்றி ஒரு தவறான பயமும் உலவுகிறது, செயற்கை இழை வெயிலில் பொடிந்துவிடும் என்று. அக்ரிலிக் வெயிலைத் தாங்குவதில் பேர்பெற்ற இழை. கடைவாசல்களில் ஆண்டுக்கணக்காக வெயிலில் நிற்கும் பந்தல்துணிகள் அதில் செய்யப்படுவதுண்டு. சாயம் மங்கலாம் என்பதைத் தவிரக் காலை வெயிலால் கெடுதி இல்லை. கெடுதி, சித்திரை மாதத்து மொட்டைமாடித் தளத்திலும் தகரக் கூரையிலும் ஈரப் போர்வையை விரிப்பதில் இருக்கிறது. கால் வைக்கமுடியாத அந்தச் சூட்டின் மேல் தன் ஈரக் கனத்தோடு கிடக்கும் பக்கம் அப்படியே தட்டையாகப் படிந்து காயும்.

வெந்நீர்க் கட்சிக்கு ஒரு கடைசி வாதம் மிச்சம் இருக்கிறது. அது உண்மையிலேயே மதிக்கத்தக்கது. தூசிப் பூச்சிகள் 60 பாகைச் சூட்டில்தான் சாகும், வெதுவெதுப்பில் சாகா. ஆஸ்துமா உள்ள வீட்டில் என்ன செய்வது என்று கேட்பார்கள். குளிர்ந்த நீரில் நிறைய அலசினால் அப்பூச்சிகளின் கழிவில் பெரும்பகுதி நீரோடு போகும், ஆனால் பூச்சிகள் எல்லாம் சாகமாட்டா. இதை மறைப்பதில் பிரயோஜனம் இல்லை. அத்தகைய வீட்டில் மிங்க் போர்வையே வேண்டாம் என்பேன். பருத்தி ரஜாயும், வாரந்தோறும் கொதிநீரில் போடக்கூடிய உறையும் அவர்களுக்கு ஏற்றவை. மற்ற வீடுகளில், போர்வைக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு பருத்தி விரிப்பைப் போட்டுக்கொண்டால், வியர்வையும் எண்ணெயும் விரிப்போடு நிற்கும். விரிப்பை எவ்வளவு வெந்நீரிலும் துவைக்கலாம். போர்வைக்குக் குளிர்காலம் முடிந்து ஒரு துவைப்பு போதும். சீக்காளியோ சிறுபிள்ளையோ போர்த்தினால் நடுவில் இன்னொன்று.

அப்படித் துவைத்த போர்வையை எடுத்துவைக்கும்போது நாலைந்து அந்துருண்டைகளைப் போடுவது இன்னொரு வீண் வழக்கம். அந்து தின்பது ரோமத்தையும் பட்டையும். பாலியெஸ்டரிலும் அக்ரிலிக்கிலும் அதற்கு ஆகாரம் இல்லை. நாற்றம்தான் மயிரில் ஏறி, அடுத்த மார்கழியில் அதைப் போக்க மறுபடியும் கண்டிஷனர் புட்டியைத் தேடவைக்கும். ஈரம் முற்றும் உலர்ந்ததை உள்ளங்கையை நடுமடிப்பில் நுழைத்துப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, பருத்தித் துணி ஒன்றில் தளர்வாகச் சுற்றி, பீரோவின் மேல்தட்டில், அதன்மேல் வேறு கனம் ஏற்றாமல் வைத்தால் போதும்.